வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில் ஒரு ‘ப்’

பிப்ரவரி பிறந்துவிட்டால் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் ஜெராக்ஸ் கடைகளில் ஒரு தாள் ஓயாமல் ஓடத் தொடங்கும். முன்பக்கத்தில் ‘சொல்’ என்று ஒரு கட்டம்: பெயர், வினை, இடை, உரி, அவற்றின் உட்பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. பின்பக்கத்தில் ‘புணர்ச்சி’ என்று இன்னொரு கட்டம்: பத்துப் பன்னிரண்டு விதிகள், எதிரே பாடநூலில் வந்த சொற்கள். அதை ஆசிரியர் கைப்பட எழுதியிருக்கலாம், டியூஷன் மையம் அச்சிட்டிருக்கலாம், மாவட்டந்தோறும் கல்வித்துறையினரே தயாரிக்கும் மெல்லக் கற்போர் கையேட்டிலிருந்து கிழித்ததாகவும் இருக்கலாம். யார் செய்தாலும் அமைப்பு மாறுவதில்லை. முன்பக்கம் சொல், பின்பக்கம் புணர்ச்சி.

இந்தத் தாளைச் சுற்றி உறுதியான நம்பிக்கை ஒன்று நிலவுகிறது. செய்யுளும் கட்டுரையும் கை கொடுக்காத மாணவருக்கு இலக்கணமே தெப்பம். அது கணக்குப் போல, வாய்பாடு தெரிந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது. ஆகவே விதிகளைச் சுருக்கி, சொல்லை எதிரே எழுதி, பத்து நாள் ஒப்பித்தால் போதும். தலைமையாசிரியர் கூட்டங்களிலும் பெற்றோர் பேச்சிலும் இதை மறுத்துப் பேசுபவரைக் காண்பது அரிது. மறுத்தால், “நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் பாடம் எடுத்ததுண்டா?” என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் தாளைப் பார்க்கலாம்.

தாளில் பொய் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியையும் தனியே எடுத்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கோளாறு அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே இருக்கிறது. தமிழில் இரு சொற்கள் எப்படிச் சேரும் என்பதை எழுத்து மட்டும் தீர்மானிப்பதில்லை. முதற்சொல் எந்த வகை, இரண்டாம் சொல் எந்த வகை, இரண்டுக்கும் என்ன உறவு என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சொல்லை ஒரு பக்கத்திலும் புணர்ச்சியை மறுபக்கத்திலும் அச்சிடும்போது, தீர்மானிக்கும் அந்த உறவு தாளின் தடிமனுக்குள் காணாமல் போய்விடுகிறது.

கல்யாண வீட்டுத் தாம்பாளத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுக்கலாம். நிலைமொழி ‘வெற்றிலை’. முடிவில் ஐகாரம். வருமொழி பகரத்தில் தொடங்கட்டும். தாளின் பின்பக்க விதி சொல்வது: உயிரெழுத்தில் முடியும் சொல்லின் முன் க, ச, த, ப வந்தால் மிகும். அதன்படி, ‘வெற்றிலை’ முன் எந்தப் பகரம் வந்தாலும் நடுவில் ஒரு ‘ப்’ வந்தாக வேண்டும்.

‘வெற்றிலை’, ‘பெட்டி’. வெற்றிலைப்பெட்டி. சரி, விதி வேலை செய்கிறது.

‘வெற்றிலை’, ‘பாக்கு’. விதிப்படி எழுதும் மாணவர் ‘வெற்றிலைப்பாக்கு’ என்று எழுதுவார். அப்படி ஒரு பாக்கு கிடையாது. வெற்றிலையும் பாக்கும் என்று பொருள் வருவதால் இது உம்மைத்தொகை, உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது, எனவே வெற்றிலைபாக்கு. அடுத்து, பந்தலில் பெரியவர் ஒருவர் ‘வெற்றிலை போட்டார்’. அங்கும் ‘ப்’ இல்லை. வெற்றிலையை என்பதில் ‘ஐ’ மறைந்து நிற்கும் இரண்டாம் வேற்றுமைத்தொகை அது. மறைந்த ‘ஐ’ வெளியே வந்துவிட்டால் ‘வெற்றிலையைப் போட்டார்’ என்று ‘ப்’ உடனே வந்துவிடும். கொடிக்காலில் ‘வெற்றிலை பழுத்தது’ என்றால் எழுவாயும் பயனிலையும் சேர்ந்த தொடர், அங்கும் மிகாது.

ஐந்து இடங்கள். ஐந்திலும் ஐகாரத்தின் முன் பகரம். இரண்டில் மிகுகிறது, மூன்றில் மிகவில்லை. எழுத்தை மட்டும் பார்க்கும் மாணவருக்கு இது வெறும் அதிர்ஷ்டம். உறவைப் பார்க்கும் மாணவருக்கு இதில் குழப்பமே இல்லை.

இது பவணந்தி முனிவர் அறியாததா? பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள அவர் இயற்றிய நன்னூலில், உயிர் முன் வல்லினம் மிகும் என்று சொல்லும் நூற்பாவின் எண் 165. அந்த நூற்பா ‘மிகும்’ என்பதோடு முடிந்துவிடவில்லை. வேறு விதி சொல்லப்படாத இடங்களில்தான் இது செல்லும் என்று பொருள்படும் இரு சொற்களை அவர் கடைசியில் வைத்திருக்கிறார். பொது விதியைச் சொல்லிக்கொண்டே அதற்கு வேலியும் போட்டார். தேர்வு வழிகாட்டிகளும் குறிப்புத்தாள்களும் அந்த நூற்பாவை எடுத்தாளும்போது இந்த வால் நறுக்கப்படுகிறது. ‘மிகும் என்ற விதிப்படி’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நூற்பாவில் மிச்சமாவது இரண்டே சொல். தாளில் மிச்சமாவது அரை வரி. ஆனால் அந்த அரை வரியில்தான் ‘வெற்றிலைபாக்கு’ இருந்தது.

வாலை நறுக்கும் இந்தப் பழக்கம் ஒரு நூற்பாவோடு நிற்கவில்லை. கீழ்பென்னாத்தூர் ஒரு பேரூராட்சி. அந்தச் சொல்லையே பிரித்துப் பார்க்கலாம். பெருமை, ஊர், ஆட்சி. பெருமை என்ற பண்புப்பெயரில் ‘மை’ நீங்கும், இது ஈறுபோதல். மிஞ்சுவது ‘பெரு’. அதன் முதலெழுத்து நீண்டு ‘பேரு’ ஆகும், இது ஆதிநீடல். பிறகு உகரம் கெட்டு ‘பேர்’ ஆகி, ஊகாரத்தோடு சேர்ந்து ‘பேரூர்’. அதன் ரகர மெய்யோடு ‘ஆட்சி’ ஒட்டிக்கொள்ளப் பேரூராட்சி. இதில் உகரம் கெடும் படிக்கு வழிகாட்டிகள் பெரும்பாலும் எழுதும் விதி, உயிர் வந்தால் குற்றியலுகரம் மெய்யை விட்டு ஓடிவிடும் என்பது. ஆனால் ‘பேரு’ என்பதிலுள்ள உகரம் குற்றியலுகரமே அல்லவே! குற்றியலுகரம் கு, சு, டு, து, பு, று என வல்லின மெய்யின்மேல்தான் ஏறும். ‘ரு’ இடையினம். அதிலிருப்பது முற்றியலுகரம். அப்படியானால் விதி தவறா? இல்லை. முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே கெடும் என்று அதே நூற்பா, எண் 164, முடிவில் சொல்கிறது. வழக்கம்போல அந்த முடிவுதான் தாளில் இல்லை. குற்றியலுகரம் எது என்று முந்தைய வகுப்பில் ஒழுங்காகப் படித்த மாணவருக்கு இந்த விடை இடறும். ஒப்பிப்பவருக்கு இடறாது. தெரிந்தவரைத் தடுமாற வைத்து, தெரியாதவரைத் தாண்டவிடும் குறிப்பு இது.

பண்புப்பெயர்ப் பகுதியில் இன்னொரு பள்ளமும் உண்டு. ‘பெருங்கடல்’ என்றால் ஈறுபோதல், இனமிகல் என்று தாளில் இருக்கும். பெருமையில் ‘மை’ போய், ககரத்துக்கு இனமான ‘ங்’ மிகுந்தது. மாணவர் இதைப் பிடித்துக்கொள்கிறார்: மை-யை வெட்டு, இன எழுத்தைப் போடு. சென்னையில் பெருங்குடி இருக்கிறது, அதற்கும் பொருந்துகிறது. நத்தம் பக்கம் சிறுகுடி என்றும் ஓர் ஊர் இருக்கிறது. சிறுமை, குடி. மை-யை வெட்டியாயிற்று. இன எழுத்து எங்கே? ‘சிறுங்குடி’ என்று யாரும் சொல்வதில்லை. ‘சிறுகதை’யைச் ‘சிறுங்கதை’ ஆக்கினால் வகுப்பே சிரிக்கும். பெருமையும் சிறுமையும் ஒரே வகைச் சொற்கள், வருமொழியும் ஒன்றே, ஆனால் ஒன்றில் மெல்லினம் வருகிறது, மற்றதில் வரவில்லை.

இதற்குக் காரணம் நன்னூலின் 136ஆம் நூற்பா எப்படிப்பட்டது என்பதில் இருக்கிறது. ஈறுபோதல், ஆதிநீடல், தன்னொற்று இரட்டல், இனமிகல் என்று அது வரிசையாகச் சொல்வதெல்லாம் பண்புப்பெயர்களில் நடக்கக்கூடிய மாற்றங்கள். ஒவ்வொரு சொல்லிலும் எல்லாம் நடந்தே தீர வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. ‘சிறுகுடி’ என்ற சொல் முன்னமே வழக்கில் இருக்கிறது. அது எப்படி அமைந்தது என்று பார்க்க அந்தப் பட்டியல் உதவும். சொல்லே தெரியாதவர் பட்டியலை வைத்துச் சொல்லை உண்டாக்க முடியாது. கணக்கு வாய்பாடு அப்படியல்ல. எண்ணைப் போட்டால் விடை வரும். இலக்கணம் கணக்குப் போல என்ற வாதம் நொறுங்கும் இடம் இதுதான். வாய்பாடு விடையைத் தரும். புணர்ச்சி விதியோ, கையில் ஏற்கெனவே இருக்கும் விடைக்குக் காரணம் சொல்லும்.

ஊர்ப்பெயர்ப் பலகைகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். ய, ர, ழ முன் வல்லினம் மிகும் என்று தாளில் ஒரு வரி: தாய்ப்பால், தேர்ச்சக்கரம், தமிழ்ப்பாடம். இதை ஒப்பித்த மாணவர் பேருந்து நிலையத்தில் நின்று தன் ஊர்ப் பெயரைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ‘கீழ்’ ழகரத்தில் முடிகிறது, அடுத்து பகரம். ‘கீழ்ப்பென்னாத்தூர்’ என்றல்லவா இருக்க வேண்டும்? பலகையில் ‘ப்’ இல்லை. அறிவிப்புகளிலும் செய்திகளிலும் ஒருவர் ‘ப்’ போடுகிறார், ஒருவர் விடுகிறார். ஒருவர் றன்னகரம் எழுதுகிறார், ஒருவர் டண்ணகரம் எழுதுகிறார். டண்ணகர வழக்கு வேறு கதை. அது ஊரின் பெயர்க்காரணத்தைப் பற்றியது, இங்கே வேண்டாம். ‘ப்’ விஷயத்தில் பலகை எழுதியவரைத் திருத்தக் கிளம்பும் மாணவரை யாராவது தடுத்தாக வேண்டும்.

ஏனென்றால் ‘கீழ்’ என்ற சொல்லுக்கு மட்டும் நன்னூலில் தனி நூற்பாவே இருக்கிறது. எண் 226. கீழ் என்பதன் முன் வல்லினம் மிகலாம், மிகாமலும் இருக்கலாம் என்பது அதன் கருத்து. தொல்காப்பியரும் இந்தச் சொல்லைத் தனியே எடுத்து, உறழும் என்றே சொல்கிறார். அதாவது இரு பெரும் இலக்கண ஆசிரியர்கள், பல நூற்றாண்டு இடைவெளியில், இந்த ஒரு சொல்லுக்காக நின்று நிதானித்து, “இரண்டும் வழக்கில் இருக்கிறது, இரண்டும் சரி” என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கீழ்பென்னாத்தூர். ஒன்றில் ‘ப்’ இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. இரண்டு பலகையும் இலக்கணத்துக்குள்ளேதான் நிற்கின்றன. குறிப்புத்தாளில் ‘அல்லது’ என்ற சொல்லுக்கு இடமில்லை. விடைக்குறிப்பில் ஒரு விடைதானே இருக்கும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு இலக்கணம் பொறுப்பல்ல.

கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சிப் பக்கம் திரும்பினால் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் கூட்டம் ஏறும் ஊர். லகரத்தின் முன் மெல்லினம் வந்தால் லகரம் னகரமாகத் திரியும் என்பது விதி. மேல், மக்கள்: மேன்மக்கள். அப்படியானால் மேல், மலையனூர்: மேன்மலையனூர். எந்தப் பேருந்திலும் அப்படி எழுதியிருக்காது. எழுதினால் ஏறுவதற்கு ஆள் இருக்காது. ஊருக்கு ஊர் இருக்கும் கால்நடை மருந்தகமும் விதிப்படி ‘கானடை மருந்தகம்’தான். மாட்டை ஓட்டிக்கொண்டு வருபவர் தேடித் திரிய வேண்டும். இன்றைய உரைநடை, ல், ள் ஈற்றுச் சொற்கள் பலவற்றில் புணர்ச்சியைக் கைவிட்டு, சொற்களைப் பிரித்து வைத்தே எழுதுகிறது. வாசிப்பவருக்கு அதுவே எளிது. பழைய செய்யுளில் ‘மேன்மக்கள்’ என்று வந்தால் பிரிக்கத் தெரிய வேண்டும். இன்று எழுதும்போது ‘கால்நடை’ என்று எழுதத் தெரிய வேண்டும். இவை இரண்டு வெவ்வேறு திறன்கள். தாள் இரண்டையும் ஒரே விதியாக்கி ஒரே கட்டத்தில் போடுகிறது.

முன்பக்கத்துக்குப் போனாலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு வேடத்தில். ‘உம்’ வந்தால் எண்ணும்மை என்று தாளில் இருக்கும். ‘அப்பாவும் அம்மாவும் வரும் பேருந்து தினமும் தாமதம்’ என்று ஒரு சாதாரண வாக்கியம். நான்கு ‘உம்’. முதல் இரண்டும் எண்ணும்மை. கடைசி ‘தினமும்’ முற்றும்மை. நடுவிலிருக்கும் ‘வரும்’ இடைச்சொல்லே இல்லாமல் பேருந்தைத் தழுவி நிற்கும் பெயரெச்சம். அதையே ‘பேருந்து வரும்’ என்று திருப்பிப் போட்டால் வினைமுற்று. சொல் மாறவில்லை, இடம் மாறியது, வகை மாறிவிட்டது. உரிச்சொல்லுக்கும் இப்படியே: சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறையும் ஒப்பித்தவர், ஓடையில் குத்திய ‘கழி’யையும் உரிச்சொல் என்று எழுதிவிடுவார். சொல்லின் வகை அந்தச் சொல்லின் நெற்றியில் ஒட்டியிருப்பதில்லை. அது பக்கத்துச் சொல்லோடு கொண்ட உறவில் இருக்கிறது. புணர்ச்சியும் அதே உறவில்தான் இருக்கிறது. இரண்டையும் பிரித்ததுதான் பிழை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.

பிரித்தது தாள் தயாரித்தவர் மட்டுமல்ல. தமிழ்நாட்டுப் பாடநூலில் வல்லினம் மிகும் இடங்களும் மிகா இடங்களும் ஒன்பதாம் வகுப்பில் இருக்கின்றன. தொகைநிலைத் தொடர்கள் பத்தாம் வகுப்பில் இருக்கின்றன. பொதுத்தேர்வு பத்தாம் வகுப்பு நூலை மட்டும் கேட்கும். எனவே மார்ச் மாதத்துத் தாளில் ‘உம்மைத்தொகை: வெற்றிலைபாக்கு போன்றவை’ என்பது இருக்கும், அங்கே ஏன் வல்லினம் மிகவில்லை என்பது போன வருடத்தோடு போய்விட்டது. போன வருடம் ‘உம்மைத்தொகையில் மிகாது’ என்று ஒப்பித்தபோதோ, உம்மைத்தொகையைப் பற்றிய விரிவான பாடம் இன்னும் வரவில்லை. விடை ஒரு வகுப்பிலும் கேள்வி அடுத்த வகுப்பிலும் வருகின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் சந்திக்க வைக்கும் வாய்ப்பு திருப்புதல் தாளுக்குத்தான் இருக்கிறது. அதுவும் அந்த வாய்ப்பைத் தவறவிடுகிறது.

இனி, கடைசி பெஞ்சுக் கேள்வி. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை. தந்தை மல்லாட்டை மூட்டை தூக்குகிறார், தாய் நூறு நாள் வேலைக்குப் போகிறார். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இந்தப் பிள்ளையிடம் போய் அல்வழி, வேற்றுமை என்று பேசுவதா? தாளை ஒப்பித்தால் நாலு மதிப்பெண் நிச்சயமாக வரும் அல்லவா?

நாலு வரும். அதற்கு மேல் வராது என்பதுதான் கணக்கு. மேல்நிலைத் தமிழ்த் தாளில், பன்னிரண்டாம் வகுப்பில், எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில் புணர்ச்சி விதிக்கென்று கேட்கும் வினா 2 மதிப்பெண். பகுபத உறுப்பிலக்கணத்துக்கு இன்னொரு 2. மீதித் தாளில் பெரும்பகுதி மாணவர் தாமாக வாக்கியம் எழுதும் பகுதி: நெடுவினா, கடிதம், கட்டுரை. அங்கே ஒவ்வொரு வரியிலும் சொற்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அங்கே ‘வெற்றிலைப்பாக்கு’ வந்தால் ஒற்றுப்பிழை. ‘வெற்றிலைபெட்டி’ வந்தாலும் ஒற்றுப்பிழை. பின்பக்கக் கட்டத்தை ஒப்பித்து 2 மதிப்பெண் வாங்கியவர், கட்டுரையில் ஒற்றை எங்கே போடுவது என்று தெரியாமல் ஊகித்துக்கொண்டிருப்பார். கடைசி பெஞ்சை அந்த இரண்டு மதிப்பெண்ணோடு நிறுத்தி வைப்பது கருணையல்ல.

மேலும், அந்தப் பிள்ளைக்குப் புணர்ச்சி தெரியாது என்று யார் சொன்னது? அவர் வீட்டில் வேர்க்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. மணிலாவிலிருந்து வந்ததாகக் கருதி மணிலாக்கொட்டை என்று அழைத்தார்கள். அது வாய்க்குள் உருண்டு மல்லாக்கொட்டை ஆயிற்று. மேலும் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. இப்படித் தேய்ந்த பெயருக்கு இலக்கணத்தில் மரூஉ என்று பெயர். தாளில் மரூஉவுக்கு எடுத்துக்காட்டு தஞ்சாவூர், தஞ்சை. திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளையின் நாக்கில் தினமும் புரளும் மரூஉ தாளில் இல்லை. எப்படி இருக்கும்? அதைச் செய்தவர் எந்த ஊருக்காகவும் செய்யவில்லை.

சுருக்கம் எழுதுவதே குற்றம் என்பது இங்கே வாதமல்ல. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பள்ளிப் பிள்ளைகளுக்காக உரைநடையில் ‘இலக்கணச் சுருக்கம்’ எழுதினார். பெயரிலேயே சுருக்கம் இருக்கிறது. தேர்வையும் அது மறக்கவில்லை; பாடங்களின் முடிவில் ‘தேர்வு வினாக்கள்’ என்றே தலைப்பிட்டுக் கேள்விகள் வரும். ஆனால் புணர்ச்சிக்கு வரும்போது நாவலர் எழுத்தை மட்டும் காட்டி நகர்ந்துவிடவில்லை. அல்வழியில் இப்படி, வேற்றுமையில் இப்படி என்று பிரித்தார். எழுவாய்த் தொடர், உம்மைத்தொகை, வினைத்தொகை என்று உறவைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பேச்சில் புழங்கும் சொற்களை எடுத்துக்காட்டினார். நன்னூலின் வரிகளை அவர் விட்டுவிட்டார். அதன் கணக்கை விடவில்லை. இன்றைய தாள் நேர்மாறாகச் செய்கிறது. நூற்பாவின் பாதி வரியை மேற்கோள் குறிக்குள் வைத்துக்கொண்டு, அது சொன்ன நிபந்தனையை விட்டுவிடுகிறது.

அப்படியானால் மூன்று வாரத்தில் என்னதான் செய்வது? பன்னிரண்டு விதிக்குப் பதில், ஒரு தொடரிடம் மூன்று கேள்வி. பாடநூலில் இல்லாத சொல்லாக எடுத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் ஒப்பித்ததா, புரிந்ததா என்பது தெரியும். ‘இட்லி’ இகரத்தில் முடிகிறது, பக்கத்தில் சகரம் வரட்டும். ‘இட்லி சட்னி’: இரண்டுக்கும் ‘உம்’ போட்டால் பொருள் வருகிறதா? இட்லியும் சட்னியும், வருகிறது, எனவே ‘ச்’ வேண்டாம். ‘இட்லி சாப்பிட்டான்’: அடுத்தது வினையா, நடுவே ஒரு ‘ஐ’ மறைந்திருக்கிறதா? இட்லியைச் சாப்பிட்டான், ஆம், மறைந்திருக்கும்வரை ‘ச்’ வேண்டாம். ‘இட்லிச் சட்டி’: இரண்டும் பெயர், நடுவே ஒரு வேலையே ஒளிந்திருக்கிறதா? இட்லியை வேகவைக்கும் சட்டி, ஆம், ‘ச்’ போடு. இதில் கலைச்சொல் ஒன்றுகூட இல்லை. உம்மைத்தொகை, இரண்டாம் வேற்றுமைத்தொகை, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்ற பெயர்களைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது.

வினை முன்னே வரும் தொடர்களுக்கு நான்காவதாக ஒரு கேள்வி தேவைப்படும். ‘சுடுசோறு’ என்பதைச் சுட்ட, சுடுகிற, சுடும் என்று மூன்று காலத்துக்கும் விரிக்க முடிகிறதா? முடிந்தால் வினைத்தொகை, மிகாது. ‘பட்டு’ என்பதை அப்படி விரிக்க முடியாது, அது பெயர், எனவே ஆரணித் தறியில் நெய்வது பட்டுச்சேலை. அதேபோல ‘தீராத பழி’யில் ‘ப்’ இல்லை. கடைசித் தகரம் உதிர்ந்து ‘தீரா’ என்று நின்றுவிட்டால் ‘தீராப் பழி’. உதிர்ந்த எழுத்துக்கு ஈடாக ஒற்று வந்தது போல் மாணவர் நினைத்துக்கொண்டால் இலக்கண ஆசிரியர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த மாணவர் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை ஒருபோதும் மறக்கமாட்டார்.

இந்தக் கேள்விகளுக்கும் எல்லை உண்டு. ஆட்பெயர், ஊர்ப்பெயர் வரும் இடங்களில் செய்தித்தாள்களே ஒற்றை விட்டுவிடுகின்றன. ‘ஆரணிப் பேருந்து’ என்று எழுதுபவரும் ‘ஆரணி பேருந்து’ என்று எழுதுபவரும் ஒரே மேசையில் வேலை செய்கிறார்கள். பெருங்குடிக்கும் சிறுகுடிக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கேள்வியும் பிடிக்காது. அந்தச் சொற்களைக் கேட்டிருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும். தாளிலேயே இதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு எழுதலாம்.

மாணவர் ஒப்பிக்கிறாரா என்பதை விடைத்தாளிலேயே கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. விதியின் பெயரைப் பார்க்கக் கூடாது. விதிக்குக் கீழே அவர் எழுதியிருக்கும் நடுப்படியைப் பார்க்க வேண்டும். ‘ஆதிநீடல்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் இன்னும் ‘பெரு + ஊர்’ என்றே வைத்திருந்தால், அவருக்கு ஆதி எது, நீண்டது எது என்று தெரியாது. ‘இனமிகல்’ என்று எழுதி, கீழே ஒற்றே இல்லாமல் இருந்தாலும் அப்படியே. விதியின் பெயர் மனப்பாடத்தில் வந்துவிடும்; நடுப்படி வராது, அதைச் செய்துதான் பார்க்க வேண்டும். திருத்தும் கை விரைந்து ஓடும்போது, விதியின் பெயருக்கு ஒரு டிக், கடைசிச் சொல்லுக்கு ஒரு டிக், நடுவிலிருப்பது கண்ணிலிருந்து தப்பிவிடும்.

தாள் அடிப்பவர் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே பக்கமாக்கி, இடப்பக்கம் ‘வெற்றிலை’ என்று ஐந்து முறை அடித்து, எதிரே பெட்டி, பாக்கு, போட்டார், ஐ சேர்த்துப் போட்டார், பழுத்தது என்று வைத்து, ‘ப்’ வருமா, ஏன் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம். ஆறாவது வரியில் ‘கீழ்’ என்றும் ‘பென்னாத்தூர்’ என்றும் அடித்து, அதற்கு மட்டும் விடைக்கோடு இரண்டு போட்டுவைக்கலாம். ஜெராக்ஸ் செலவு அதே செலவுதான்.